இணைப் பங்கு வணிகம்: ராயல் டச்சும் ஷெல்லும்

இணைப் பங்கு வணிகம் (பேர்ஸ் டிரேடிங்) என்பது, ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டு பங்குகளின் விலைகள் வழக்கத்துக்கு மாறாக விலகும்போது, அவை மீண்டும் நெருங்கி வரும் என்று எதிர்பார்த்துச் செய்யப்படும் வணிகமாகும். விலை குறைந்திருக்கும் பங்கை வாங்க வேண்டும். விலை ஏறியிருக்கும் பங்கைக் கடனாகப் பெற்று விற்க வேண்டும். பின்னாளில் அதைச் சந்தையில் வாங்கிக் கடனைத் திருப்ப வேண்டும். சந்தை முழுவதும் ஏறினாலும் இறங்கினாலும் இவ்வணிகருக்குக் கவலை இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி சுருங்குகிறதா என்பது மட்டுமே அவருடைய கணக்கு.

இம்முறை அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தில் 1980களில் வளர்ந்தது. அங்கே கணினி நிரல் எழுதிவந்த ஜெரி பாம்பெர்கர் என்பவர் இதற்கு வித்திட்டார். பிறகு நன்சியோ டார்டாக்லியா இயற்பியலாளர்களையும் கணித வல்லுநர்களையும் கொண்ட ஒரு குழுவை அமைத்து இதைப் பெரிய அளவில் நடத்தினார். தொடக்கத்தில் நல்ல இலாபம் கிடைத்தது. பின்னர் நட்டம் வரவே 1989இல் குழு கலைக்கப்பட்டது. அதற்குள் உத்தி வெளியே பரவிவிட்டது.

எந்த இரண்டு பங்குகளை இணையாகக் கொள்வது? பெரும்பாலானோர் பழைய விலைப் பட்டியலைப் பார்த்து, சேர்ந்தே நடந்த பங்குகளைத் தேர்ந்தெடுப்பார்கள். இதில் ஓர் ஐயம் எப்போதும் உண்டு. நேற்றுவரை சேர்ந்து நடந்த இரண்டு வங்கிகள் நாளையும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதற்கு எந்தச் சட்டமும் இல்லை. ஒன்றில் வாராக்கடன் பெருகினால் அதன் விலை வீழ்ந்து அங்கேயே நின்றுவிடும். ஆனால் உறவு இன்னதென்று ஒப்பந்தமாகவே எழுதப்பட்ட ஓர் இணை இருந்தது. இம்முறையின் வலிமையையும் வரம்பையும் அறிய அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நெதர்லாந்தின் ராயல் டச்சு பெட்ரோலியம் நிறுவனமும் பிரிட்டனின் ஷெல் டிரான்ஸ்போர்ட் அண்ட் டிரேடிங் நிறுவனமும் 1907இல் தங்கள் தொழில்களை ஒன்றாக்கிக் கொண்டன. ஆனால் நிறுவனங்கள் இரண்டும் தனித்தனியாகவே நீடித்தன. வருமானத்தில் 60 விழுக்காடு ராயல் டச்சுக்கும் 40 விழுக்காடு ஷெல்லுக்கும் என்று பங்கிட்டுக்கொள்வதாக உடன்பாடு. எண்ணெய் ஒன்று, கிணறு ஒன்று, இலாபம் ஒன்று. ஆகவே ராயல் டச்சின் மொத்தச் சந்தை மதிப்பு ஷெல்லின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும். இதைக் கண்டறிய ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

சந்தை அந்தக் கணக்கைப் போடவில்லை. 1980களின் தொடக்கத்தில் ராயல் டச்சு, இருக்கவேண்டிய மதிப்பைவிட ஏறத்தாழ 35 விழுக்காடு குறைவாக விற்றது. 1990களின் நடுவில் அதுவே ஏறத்தாழ 15 விழுக்காடு அதிகமாக விற்றது. கென்னத் ஃப்ரூட், எமில் டபோரா என்னும் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தபோது, ராயல் டச்சின் விலை அமெரிக்கச் சந்தையோடும் ஷெல்லின் விலை பிரிட்டன் சந்தையோடும் கூடுதலாக ஒத்து நகர்வதைக் கண்டனர். ராயல் டச்சு அப்போது அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் இருந்தது. ஷெல் இலண்டன் குறியீட்டில் இருந்தது. எங்கே அதிகம் கைமாறுகிறதோ அந்த ஊரின் மனநிலை விலையில் ஒட்டிக்கொள்கிறது.

1990களின் பிற்பகுதியில் ஷெல் பங்கு சுமார் 8 விழுக்காடு மலிவாக இருந்தது. லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிதியம் இதில் இறங்கியது. ஜான் மெரிவெதர் அதைத் தொடங்கியவர். 1997இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற மைரான் ஷோல்ஸும் ராபர்ட் மெர்டனும் அதன் பங்காளிகள். இந்த ஓர் இணையில் மட்டும் இருபுறமும் சேர்த்துச் சுமார் 230 கோடி டாலர் வைத்தார்கள். ஏறத்தாழ பாதி ஷெல்லை வாங்குவதிலும், மறுபாதி ராயல் டச்சைக் கடனுக்கு விற்பதிலும் இருந்தது.

இதை எளிய எண்களில் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. ராயல் டச்சின் விலை 100 என்று கொள்வோம். அதற்கு ஈடான அளவு ஷெல்லும் 100 விற்க வேண்டும். ஆனால் 92 விற்கிறது. நாம் முதலாவதை 100க்கு விற்று, இரண்டாவதை 92க்கு வாங்குகிறோம். எண்ணெய் விலை ஏறி இரண்டும் 120இல் சந்தித்தால், விற்றதில் 20 நட்டம், வாங்கியதில் 28 இலாபம், மிச்சம் 8. இரண்டும் 70இல் சந்தித்தால், விற்றதில் 30 இலாபம், வாங்கியதில் 22 நட்டம். மிச்சம் அப்போதும் 8. எங்கே சந்தித்தாலும் 8 கிடைக்கும். சந்திக்க வேண்டும், அவ்வளவுதான்.

சந்திக்காமல் மேலும் விலகினால்? ராயல் டச்சு 80க்கு இறங்குகிறது; ஷெல் அதைவிட 22 விழுக்காடு மலிவாகி 62.40க்கு வருகிறது. விற்றதில் 20 இலாபம்; வாங்கியதில் 29.60 நட்டம். மொத்தத்தில் 9.60 நட்டம். கைப்பணத்தில் முழுத் தொகையையும் போட்டவர் பொறுத்திருக்கலாம். ஆனால் சொந்தப் பணம் 10 மட்டும் வைத்து மீதியைக் கடனில் நடத்தியவரிடம் இப்போது 40 காசு மட்டுமே மிஞ்சும். கடன் கொடுத்தவர் அதற்கு முன்பே, கூடுதல் ஈடு கொடு அல்லது கணக்கை முடி என்று கேட்டிருப்பார்.

1998இல் நடந்தது இதுதான். அவ்வாண்டின் தொடக்கத்தில் அந்த நிதியம் தன் மூலதனத்தைப் போலச் சுமார் 25 மடங்கு கடன் வாங்கியிருந்தது. ஆகஸ்ட் 17 அன்று ரஷ்யா கடனைத் திருப்ப முடியாது என்று அறிவித்தது. ஷெல்லுக்கும் ரஷ்யக் கடன் பத்திரத்துக்கும் நேரடித் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனால் மற்ற வணிகங்களில் நிதியம் அடிபட்டதும் எல்லாக் கணக்குகளையும் தாங்கிப் பிடிக்கப் பணம் இல்லாமல் போயிற்று. அதே இணைகளை வைத்திருந்த மற்ற வணிகர்களும் அஞ்சி விற்கத் தொடங்கினர். எல்லோரும் ஷெல்லை விற்று ராயல் டச்சைத் திரும்ப வாங்கியதால், சுருங்க வேண்டிய இடைவெளி ஏறத்தாழ 22 விழுக்காட்டுக்கு விரிந்தது.

பங்கு இணைகளில் நிதியம் இழந்தது ஏறத்தாழ 28.6 கோடி டாலர்; அதில் பாதிக்கு மேல் இந்த ஓர் இணையால் வந்தது. எல்லா வகை வணிகங்களையும் சேர்த்தால் அவ்வாண்டின் இழப்பு சுமார் 460 கோடி டாலர். செப்டம்பர் 23 அன்று, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி கூட்டிய கூட்டத்தின் வழியாக 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து 360 கோடி டாலர் போட்டு நிதியத்தைக் கையில் எடுத்துக்கொண்டன.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் மாறவில்லை, 60க்கு 40 என்ற பங்கீடு அப்படியே இருந்தது. உறவு முறிந்து ஒரு வங்கி வீழ்வது ஒரு வகைத் தோல்வி. நிறுவனத்தின் கணக்குகளைப் படித்தால் அதைக் கண்டுபிடிக்கலாம். இங்கே நேர்ந்தது வேறு வகை. உறவு சரி, கணிப்பும் சரி, ஆனால் விலைகள் எந்த நாளுக்குள் சேர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. கடன் பத்திரத்துக்கு முதிர்வுத் தேதி உண்டு. அன்று விலை முகமதிப்புக்கு வந்தே தீரும். பங்குக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. இந்த வேறுபாட்டை நோபல் அறிஞர்கள் அறியாமல் இருந்திருக்க மாட்டார்கள். கடனின் அளவை அதற்கேற்பக் குறைக்கவில்லை என்பதுதான் குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணெய் இருப்பை மிகைப்படுத்திக் காட்டிய விவகாரம் 2004இல் வெளிவந்த பிறகு, இரட்டை நிறுவன அமைப்பையே கைவிட முடிவு செய்தார்கள். 2005 ஜூலையில் இரண்டும் இணைந்து ராயல் டச்சு ஷெல் என்ற ஒரே நிறுவனமாயின. அன்றோடு இடைவெளிக்கு இடமே இல்லாமல் போயிற்று. லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கலைக்கப்பட்டிருந்தது.