பழைய வீட்டுக்கு எந்த மதிப்பு? சைதாப்பேட்டையை முன்வைத்து வீட்டுக் காப்பீடு குறித்த ஓர் ஆய்வு

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறியபோது சைதாப்பேட்டையின் ஆற்றோரத் தெருக்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய பேரிடரில் ஒரு பழைய வீடு சேதமடைந்தால் காப்பீட்டு நிறுவனம் எந்த மதிப்பின்படி இழப்பீடு தர வேண்டும்? மறுகட்டுமான மதிப்பின்படியே தர வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால் அம்மதிப்பைக் கணக்கிட இன்று பயன்படும் வாய்பாட்டை இயந்திரத்தனமாகக் கையாண்டால், பழைய வீட்டின் உண்மைச் செலவில் ஒரு பகுதி விடுபட்டுப்போகும்.

வீட்டுக்காரர் மனத்தில் இருக்கும் சந்தை மதிப்பு, வீட்டை விற்றால் கிடைக்கும் விலை. சைதாப்பேட்டையில் அந்த விலையின் பெரும்பகுதி மனைக்கு உரியது. மனை எரிவதில்லை, இடிவதில்லை. காப்பீடு அதற்கு இல்லை. காப்பீட்டுத் துறை சந்தை மதிப்பு என்று சொல்வதோ வேறொன்று: அதே கட்டடத்தை இன்று கட்ட ஆகும் செலவிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்தால் எஞ்சும் தொகை. மறுகட்டுமான மதிப்பில் இந்தக் கழிவு இல்லை.

வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காகக் கொண்டவை. ஒரு கிரவுண்டு மனையில் எண்பது ஆண்டுப் பழைய வீடு ஒன்று இருக்கிறது. மனையோடு சேர்த்து விலை 2.5 கோடி ரூபாய். வீட்டை மட்டும் திரும்பக் கட்ட 45 லட்சம் ஆகும். பின்கட்டின் கூரை விழுந்து, செப்பனிட 8 லட்சம் தேவைப்படுகிறது. சந்தை மதிப்பு அடிப்படையிலான பாலிசியில் சர்வேயர் 60 விழுக்காடு தேய்மானம் கழித்தால் கையில் வருவது 3.2 லட்சம். கூரை பாதியில் நிற்கும். மறுகட்டுமான அடிப்படையில் 8 லட்சமும் கிடைக்கும். மாறாக, விற்பனை விலையை நம்பி 2.5 கோடிக்குக் காப்பீடு செய்தவர் பிரீமியத்தைத்தான் கூடுதலாகக் கட்டியிருப்பார். பகுதிச் சேதத்துக்குச் செப்பனிடும் செலவுக்கு மேல் அவருக்கு எதுவும் கிடைக்காது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. காப்பீடு இழந்ததை ஈடுகட்டத்தான். பழைய கூரைக்குப் புதுக்கூரை தருவது இலாபம் ஆகாதா? வழக்கமான மறுகட்டுமான விதி இதற்கு விடை தருகிறது. உரிமையாளர் உண்மையில் கட்டிச் செலவழித்தால்தான் முழுத்தொகை. கட்டாவிட்டால் தேய்மானம் போன தொகையே. ஆகவே அவருக்கு வருவது குடியிருக்கத்தக்க வீடு, கைப்பணம் அன்று. இதே விதி இன்னொரு வரம்பையும் காட்டுகிறது. சேதத்துக்குப் பின் இடத்தைக் கட்டுநரிடம் கொடுத்துவிட எண்ணும் வாரிசுகளுக்கு இவ்வகைப் பாலிசியால் முழுப்பயன் இல்லை.

2021 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் சீர்தரப் பாலிசி, வீட்டுக் கட்டடத்துக்குக் கட்டுமானச் செலவையே அளவுகோலாகக் கொண்டது. காப்பீட்டுத் தொகை குறைவாக இருந்தால் அதே விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்கும் பழைய வழக்கத்தையும் அது விலக்கியது. இனித் தொகைதான் உச்சவரம்பு; அந்தத் தொகை எப்படி வருகிறது என்பதில்தான் சிக்கல். கார்பெட் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, ஒரு சதுர மீட்டருக்கான கட்டுமானச் செலவு விகிதத்தால் பெருக்குவது அதன் வாய்பாடு.

கார்பெட் பரப்பில் வெளிச்சுவர் சேராது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மெல்லிய சுவருக்கு இதனால் பெரிய வேறுபாடு இல்லை. பழைய வீட்டிலோ ஒன்றரை அடிச் சுவர் சாதாரணம். திண்ணையும் தாழ்வாரமும் வேறு உண்டு. மெட்ராஸ் டெரஸ் கூரையில் மர உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாகப் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை இட்டு, தட்டோடு பாவுவார்கள். இந்த வேலைக்குத் தேக்கும் கைத்திறனும் வேண்டும்.

மேற்கண்ட வீட்டின் கார்பெட் பரப்பு 100 சதுர மீட்டர், சுவர்களோடு மொத்தப் பரப்பு 135 எனக் கொள்வோம். மேஸ்திரி மொத்தப் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்குச் சொல்லும் 30,000 ரூபாயைக் கார்பெட் பரப்பால் பெருக்கினால் 30 லட்சம்தான் வரும். சுவரைச் சேர்த்தால் 40.5 லட்சம், மரமும் சுண்ணாம்பு வேலையும் கூட்டினால் 45 லட்சம். முழுவீடும் அழிந்தால் 15 லட்சம் கையைவிட்டுப் போகும்.

வாய்பாட்டை மீறாமலே இதைச் சரிசெய்ய முடியும். செலவு விகிதத்தை உரிமையாளர் அறிவிக்கலாம். நிறுவனம் ஏற்றால் அது பாலிசி அட்டவணையில் இடம்பெறும். ஆகவே முதலில் ஒரு பொறியாளரிடம் முழுவீட்டுக்கும் மதிப்பீடு வாங்க வேண்டும். அந்த 45 லட்சத்தை 100ஆல் வகுத்தால் வரும் 45,000 ரூபாயே அறிவிக்க வேண்டிய விகிதம். மதிப்பீட்டோடு உத்திர முனைகள், சுவர், கூரை ஆகியவற்றின் தேதியிட்ட படங்களும் இருக்க வேண்டும். படிப்படியான உளுத்தலுக்குக் காப்பீடு இல்லை. சுவருக்குள் செருகிய உத்திர முனை வெள்ளத்துக்கு முன் உறுதியாக இருந்தது என்பதைக் காட்டச் சான்று இல்லையென்றால், சேதம் முழுவதும் பழுதின் கணக்கில் எழுதப்படக்கூடும்.