ஒரே குடும்பமா, ஒரே கூரையா? - ‘ஃபேமிலி பிளான்’ வந்த கதை

கல்யாணமாகிப் போன அக்கா, ஹாஸ்டலில் படிக்கும் தம்பி, துபாயில் வேலை பார்க்கும் அப்பா. இவர்கள் எல்லாம் ஒரே குடும்பமா என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் ‘ஆமாம்’ என்பார்கள். ஆனால் பாட்டும் படமும் சந்தாவுக்கு விற்கும் கம்பெனிகளைக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். அவர்களுடைய ‘குடும்பத் திட்டம்’ என்பதில் குடும்பம் என்ற சொல்லுக்கு ‘ஒரே வீட்டில் வசிப்பவர்கள்’ என்பதே பொருள்.

இந்த வரையறை புதிதல்ல. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வழக்கமாகச் சேர்ந்து வசித்து, ஒரே சமையலறையில் சாப்பிடுபவர்களைத்தான் ஒரு குடித்தனமாக எழுதுகிறார்கள். ஆனால் கணக்கெடுப்பவர் வாசலுக்கு வந்து, எத்தனை பேர் என்று நேரில் கேட்டு எழுதுகிறார். கம்பெனிக்கோ வாசலும் தெரியாது, சமையலறையும் தெரியாது. அப்படியானால் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அது எப்படிக் கண்டுபிடிப்பது? குடும்பத் திட்டங்களின் வரலாறே இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான்.

கணக்கு எங்கே இடித்தது?

2014 அக்டோபரில் ஸ்பாட்டிஃபை குடும்பத் திட்டத்தைத் தொடங்கியபோது, அமெரிக்காவில் முதல் ஆளுக்கு 9.99 டாலர், சேரும் ஒவ்வொருவருக்கும் அதில் பாதி என்று வைத்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் மியூசிக் வந்தது. ஆறு பேர் வரை மொத்தமாக 14.99 டாலர் போதும் என்றது. போட்டியைச் சமாளிக்க 2016ல் ஸ்பாட்டிஃபையும் அதே விலைக்கு இறங்கியது.

ஆறு பேர் தனித்தனியாகச் சந்தா கட்டினால் 59.94 டாலர். குடும்பமாகச் சேர்ந்தால் ஆளுக்குச் சுமார் இரண்டரை டாலர். நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும்போது முன்பின் தெரியாத ஆறு பேர் ‘குடும்பம்’ ஆகிவிட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆரம்பத்தில் சோதனை மிகச் சாதாரணமாக இருந்தது. பணம் கட்டுபவர் அழைப்பு அனுப்புவார். அழைக்கப்பட்டவர் தன் வீட்டு முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் உறுப்பினர். முகவரியை நண்பரிடம் கேட்டு அப்படியே அடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எனவே 2018ல் ஸ்பாட்டிஃபை அமெரிக்கா, ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகளில் குடும்பத் திட்ட உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஜி.பி.எஸ். மூலம் இருப்பிடத்தை உறுதி செய்யச் சொன்னது. செய்யாவிட்டால் திட்டத்தை இழக்க நேரிடலாம் என்றும் எச்சரித்தது. பாட்டுக் கேட்பவன் எங்கே இருக்கிறான் என்று பாட்டுக் கம்பெனிக்கு எதற்கு என்று எதிர்ப்பு கிளம்பவே, அந்தச் சோதனை முயற்சி நிறுத்தப்பட்டது. 2019ல் விதிமுறைகளை மாற்றி, முகவரியை அவ்வப்போது மறுபடியும் சரிபார்க்கும் உரிமையை எழுத்தில் வைத்துக்கொண்டது. கூடவே, ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு 12 மாதத்தில் ஒரு முறைதான் மாறலாம் என்ற விதியும் இருக்கிறது. ஆள் பொய் முகவரி கொடுக்கலாம்; ஆனால் மாதத்துக்கு ஒரு குடும்பம் மாற முடியாது.

பாஸ்வேர்டு என்ற திறந்த கதவு

நெட்ஃப்ளிக்ஸ் நிலைமை வேறு. ஸ்பாட்டிஃபையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டு. குடும்பத்திலிருந்து நீக்கினாலும் அவர் சேர்த்து வைத்த பாட்டுப் பட்டியல் அவரிடமே இருக்கும். நெட்ஃப்ளிக்ஸில் கணக்கு ஒன்றுதான். அதற்குள் ஐந்து பேர் வரை பெயர் வைத்துக்கொள்ளலாம். யாரிடம் பாஸ்வேர்டு இருக்கிறதோ அவரே உறுப்பினர். 2017ல் அந்த நிறுவனமே, அன்பு என்பது பாஸ்வேர்டைப் பகிர்வது என்ற பொருளில் ட்விட்டரில் எழுதியது.

2022ன் முதல் மூன்று மாதங்களில் அதன் சந்தாதாரர்கள் 2 லட்சம் பேர் குறைந்தார்கள். பத்து ஆண்டுகளில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பணம் கட்டும் வீடுகள் சுமார் 22 கோடி. கட்டாமல் பார்க்கும் வீடுகள் 10 கோடிக்கும் மேல் என்று நிறுவனமே சொன்னது. பழைய அன்பு விலை போட்டுப் பார்க்கப்பட்டது!

அதே ஆண்டு மார்ச்சில் சிலி, கோஸ்டா ரிகா, பெரு ஆகிய மூன்று நாடுகளில், வெளி வீட்டு ஆளுக்குக் கூடுதல் கட்டணம் என்ற முறை சோதிக்கப்பட்டது. பெருவில் பெரிய குழப்பம். ‘ஒரே வீட்டார்’ என்பதைப் பலர் ‘நெருங்கிய உறவினர்’ என்றே புரிந்துகொண்டார்கள். மகன் வேறு ஊரில் இருந்தாலும் மகன்தானே என்பது அவர்கள் நியாயம்.

பின்னர் 2023 பிப்ரவரியில் கனடா, ஸ்பெயின் முதலிய நாடுகளிலும், மே மாதம் அமெரிக்காவிலும், ஜூலை 20 அன்று இந்தியாவிலும் விதி நடைமுறைக்கு வந்தது. இங்கே சோதனை செய்வது ஜி.பி.எஸ். அல்ல. வீட்டு டி.வி. எந்த இணைய இணைப்பில் ஓடுகிறதோ, அதுதான் வீடு. ஐ.பி. முகவரி, கருவியின் அடையாள எண், கணக்கு பயன்படும் விதம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து ‘இது வீட்டுக் கருவி, இது வெளிக் கருவி’ என்று முடிவு செய்கிறார்கள்.

ஓர் உதாரணம்

திருநெல்வேலியில் ஒரு வீடு. அப்பா பெயரில் சந்தா. மகள் சென்னையில் தோழிகளுடன் அறை எடுத்துப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அறையில் இருக்கும் டி.வி.யில் அவள் அப்பாவின் கணக்கைத் திறந்தால், இந்த டி.வி. உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல என்று திரையில் வரும். பயணத்தில் இருப்பதாகச் சொன்னால் தற்காலிகமாகப் பார்க்கலாம். ஆனால் அதற்கான குறியீட்டு எண் அப்பாவின் மின்னஞ்சலுக்கோ செல்பேசிக்கோ போகும். 15 நிமிடத்துக்குள் போன் செய்து வாங்கிப் போட வேண்டும். அப்பா அலுவலகக் கூட்டத்தில் இருந்தால் அன்றைக்குப் படம் கிடையாது.

அமெரிக்காவில் என்றால் அப்பா 7.99 டாலர் கூடுதலாகக் கட்டி, மகளை ‘கூடுதல் உறுப்பினர்’ ஆக்கியிருக்கலாம். இந்தியாவில் விதி வந்தபோது அந்த வசதி தரப்படவில்லை. அவளுக்கு இருந்த வழி, 149 ரூபாய் மொபைல் திட்டத்தில் தனிச் சந்தா எடுப்பது. பார்த்த படங்களின் பட்டியல் போய்விடுமே என்ற கவலை வேண்டாம் என்று, 2022 அக்டோபரிலேயே ஒருவரின் விவரங்களை அப்படியே புதுக் கணக்குக்கு மாற்றும் வசதியை நிறுவனம் கொண்டு வந்திருந்தது. வெளியேற்றும் முன்பே வெளியேறும் கதவுக்குக் கம்பளம் விரித்தாயிற்று.

2022 முடிவில் சுமார் 23 கோடியாக இருந்த சந்தாக்கள் 2023 முடிவில் 26 கோடியைத் தொட்டன. விளம்பரத்துடன் கூடிய மலிவுத் திட்டமும் இதற்கு ஒரு காரணம் என்றாலும், வியாபாரக் கணக்கு பலித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் சோதனை யாரைப் பிடிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே வை-ஃபை பயன்படுத்தும் நான்கு நண்பர்கள் இந்தச் சோதனையில் தேறிவிடுவார்கள். விவாகரத்துக்குப் பின் வாரத்தில் நான்கு நாள் அம்மா வீட்டிலும் மூன்று நாள் அப்பா வீட்டிலும் இருக்கும் குழந்தை மாட்டிக்கொள்ளும். ஏனெனில் இணைய இணைப்புக்கு உறவு தெரியாது. இடம் மட்டும்தான் தெரியும். அந்தத் திருநெல்வேலி வீட்டில் மகளுக்கு இன்னும் தட்டு இருக்கிறது, அவள் பெயர் ரேஷன் கார்டிலும் இருக்கலாம். டி.வி.யின் கணக்கில் மட்டும் அவள் விருந்தாளி.