ஜில்லுனு குடிச்சா பல் கூசுதா? விநாடிகளை எண்ணிப் பாருங்க!

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜூஸ் ஒரு வாய். மேல்தாடையில் சுரீர்னு ஒரு மின்னல். இது உங்களுக்கும் நடக்கிறதா? அடுத்த முறை ஒரு வேலை செய்யுங்கள். குடித்ததை விழுங்கியதும், வலி எத்தனை விநாடி நீடிக்கிறது என எண்ணுங்கள்.

சில விநாடிகளிலேயே மறைந்தால், அது பெரும்பாலும் சாதாரணப் பல் கூச்சம்தான். பல்லின் எனாமலுக்கு அடியில் டென்டின் என்ற அடுக்கு இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். எனாமல் தேய்ந்தாலோ, ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிந்தாலோ அந்தக் குழாய்களின் வாய் திறந்துகொள்ளும். குளிர்ச்சி பட்டதும் உள்ளிருக்கும் திரவம் அசைய, நரம்பு 'ஆ' என்கிறது.

உதாரணத்துக்கு, வலது கையால் அழுத்தித் தேய்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் ஹார்டு பிரஷ். தினமும் மதியம் ஒரு லெமன் சோடா. அவருக்குக் கூசுவது பெரும்பாலும் இடதுபக்கக் கோரைப்பல்லாகத்தான் இருக்கும். வலது கைக்காரர்களுக்கு அங்கேதான் அழுத்தம் அதிகம் விழும். கண்ணாடியில் பார்த்தால், அந்தப் பல்லின் ஈறு பக்கத்துப் பல்லைவிட மேலேறி, மஞ்சளாக வேர் தெரியும்.

இவர் முதலில் சாஃப்ட் பிரஷுக்கு மாறணும். பிரஷ்ஷை முஷ்டியில் பிடிக்காமல், பேனா மாதிரி விரல்களில் பிடித்தாலே அழுத்தம் குறைந்துவிடும். சோடா குடித்த கையோடு பல் தேய்க்கக் கூடாது. புளிப்பு எனாமலை இளக்கியிருக்கும்; வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரமாவது பொறுக்கணும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சத்துக்கான பேஸ்ட்டை தினமும் 2 வேளை பயன்படுத்தணும். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர்விட்டு அலசினால் மருந்தும் போய்விடும். நாலு நாளில் 'வேலைக்கே ஆகலை'னு தூக்கிப் போடாதீங்க. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். கரி, உப்பு, 'பளிச்' வெண்மை தரும் பொடி எல்லாம் இந்தப் பல்லுக்கு எதிரிகள்.

இப்போது அந்த எண்ணிக்கைக்கு வருவோம். விழுங்கி அரை நிமிடம் தாண்டியும் வலி விண்விண்ணென்று தெறித்தால், உள்ளே நரம்புப் பகுதியே வீங்கியிருக்கலாம். சூடான காபிக்கும் வலிப்பது, தூக்கத்தில் எழுப்பிவிடுவது, குறிப்பிட்ட ஒரே பல் மட்டும் வலிப்பது இதெல்லாம் டாக்டரிடம் போகவேண்டிய அறிகுறிகள். கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுருக்கென்றால், பல்லில் விரிசல் இருக்கலாம். இவற்றுக்கு பேஸ்ட் உதவாது. சீக்கிரம் போனால் பல நேரங்களில் அடைப்பதோடு முடியும். தள்ளிப்போட்டால் வேர் சிகிச்சை வரை போகும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போயிடுங்க.

இன்னொன்று. பல நாள் பாடாய்ப்படுத்திய பல், ஒருநாள் திடீரென வலியே இல்லாமல் அமைதியானால் சந்தோஷப்பட வேண்டாம். உள்ளே நரம்பு செத்திருக்கலாம், தொற்று மட்டும் சத்தமில்லாமல் தொடரும். அப்போதும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும்.