‘சோகமா போடுங்க’ன்னா போதுமா? பின்னணி இசைக் குறிப்பு எழுதுவது எப்படி?

பாஞ்சாலங்குறிச்சி பற்றி 12 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பின்னணி இசை. இசையமைப்பாளரிடம் "கொஞ்சம் சோகமா, கொஞ்சம் வீரமா போடுங்க" என்றால் வேலைக்கு ஆகாது. அவர் கைக்கு ஒரு குறிப்பு போக வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் இருக்கும்: உணர்வு, மாதிரி இசை, நேரம்.

உணர்வை எப்படிச் சொல்வது?

1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இந்தக் காட்சிக்கு 'சோகம்' என்று மட்டும் எழுதினால் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுப்பார்கள். பார்ப்பவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்று எழுதுங்கள். உதாரணமாக, "அழுகை வேண்டாம். தப்பிக்க வழியே இல்லை என்ற இறுக்கம் வேண்டும்."

மாதிரி இசையில் என்ன சிக்கல்?

எடிட்டிங்கின்போது தற்காலிகமாக வேறொரு இசையைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அதையே நூறு முறை கேட்டால் காதுக்குப் பழகிவிடும். பிறகு புது இசை எதுவும் பிடிக்காது. ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தில் நடந்தது இதுதான். அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே இருந்த இசைத்தட்டுகளையே குப்ரிக் படத்தில் வைத்துவிட்டார்.

கட்டபொம்மன் என்றாலே 1959-ல் வந்த சிவாஜி படம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்த இசையை மாதிரியாகக் கொடுத்தால் அதன் நகல்தான் கிடைக்கும். அதற்குப் பதில், ராஜகம்பளத்தாரின் தேவராட்டத்தில் ஒலிக்கும் தேவதுந்துபியைக் கொடுக்கலாம். கூடவே, "இதிலிருந்து தாளம் மட்டும் போதும், வேகம் வேண்டாம்" என்று எதை எடுக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

நேரம் குறிப்பது எப்படி?

நம் காட்சியின் குறிப்பு இப்படி இருக்கும்:

04:12 – கோட்டை தெரிகிறது. ஒற்றை மேளம் மட்டும், மெதுவாக.
04:44 – "தூக்கு" என்ற சொல் வரும் இடம். மேளம் சட்டென நிற்க வேண்டும்.
04:44 முதல் 04:50 வரை – இசையே வேண்டாம்.

முதல் இரண்டு நேரங்களுக்கும் இடையில் 32 விநாடிகள். நிமிடத்துக்கு 60 அடி என்ற வேகத்தில் சரியாக 32 அடிகள். நான்கு நான்காகப் பிரித்தால் எட்டு சுற்று. இசையமைப்பாளர் இந்தக் கணக்கில்தான் மெட்டைக் கட்டுவார்.

எங்கே சொதப்பும்?

குறிப்பு கொடுத்த பிறகு எடிட்டர் அந்த இடத்தில் 2 விநாடி ஷாட் ஒன்றைச் சேர்க்கிறார். இப்போது "தூக்கு" என்ற சொல் 04:46-க்குப் போய்விட்டது. தகவல் சொல்லாவிட்டால் மேளம் 04:44-லேயே நின்றுவிடும். சொல் 2 விநாடி கழித்து வரும், அழுத்தம் காணாமல் போகும். சொல்லிவிட்டால் 2 அடி கூட்டலாம், அல்லது வேகத்தை 56-க்குக் கொஞ்சம் மேலே குறைக்கலாம். ஆனால் அதற்குப் பின் வரும் எல்லா நேரங்களும் 2 விநாடி தள்ளிப்போகும், அவற்றையும் மாற்றி எழுத வேண்டும்.

அதனால்தான் எடிட்டிங் இறுதியான பிறகே நேரங்களைக் குறிக்கிறார்கள். குறிப்பின் தலைப்பில், எந்தத் தேதியில் வந்த எடிட்டைப் பார்த்து எழுதியது என்பதையும் போட்டுவிடுங்கள். இசையமைப்பாளரிடம் இருக்கும் வீடியோவில் அதே தேதி இல்லையென்றால், நேரங்கள் பொருந்தாது என்று வேலை தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.