அப்பா அனுப்பிய சோலார் இன்வெர்ட்டர் படம்: அதில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

செகந்திராபாத் மாரேட்பள்ளியில் அப்பா அம்மா இருக்கிறார்கள், மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் ஓடுகிறது, நீங்கள் பெங்களூரிலோ சென்னையிலோ ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதியம் 12:40-க்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. இன்வெர்ட்டரின் சின்னத் திரை மட்டும்தான். 'என்னப்பா?' என்று கேட்டால் பதில் இல்லை. திரையில் இருப்பதை வைத்து நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது திரையை அல்ல, படம் எடுத்த நேரத்தை. வீடுகளில் வைக்கும் சாதாரண கிரிட் இன்வெர்ட்டர்கள் பலவற்றின் திரைக்கு மின்சாரம் பேனலில் இருந்துதான் வருகிறது. அதனால் மாலை 7 மணிக்கு எடுத்த படத்தில் திரை இருட்டாக இருந்தால் அது கோளாறு இல்லை, சூரியன் மறைந்துவிட்டது, அவ்வளவுதான். அதே இருட்டுத் திரை மதியம் வந்தால் மேலே கவனிக்க வேண்டிய வேலை இருக்கிறது.

விளக்கின் நிறத்தையும் உடனே நம்பிவிடாதீர்கள். சோலிஸ் நிறுவனத்தின் சில மாடல்களில் POWER என்ற விளக்கு சிவப்பாகவே எரியும். பேனலில் இருந்து மின்சாரம் வருகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. பல வீடுகளில் பதற்றம் இந்த ஒரு விளக்கால்தான் வருகிறது. ALARM என்று எழுதிய விளக்கு எரிகிறதா என்பதே கேள்வி.

நம் படத்தில் இருப்பது என்ன?

மாரேட்பள்ளி படத்தில் இப்படி இருக்கிறது என்போம்: OV-G-V என்ற கோடு. பெரியவர்கள் பொறுமையாக பட்டனை அழுத்தி அடுத்தடுத்த திரைகளையும் எடுத்திருந்தால் Vdc 276, Idc 0, Vac 257.

கோடின் நடுவில் இருக்கும் G கிரிட்டைக் குறிக்கிறது, அதாவது தெருவில் இருந்து வரும் லைனை. OV என்பது அளவுக்கு மேலான வோல்டேஜ். க்ரோவாட் இன்வெர்ட்டராக இருந்தால் இதே விஷயத்தை AC V Outrange என்று சொல்லும். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், விஷயம் ஒன்றுதான்.

Vdc 276, Idc 0 என்பதைப் பார்த்து பேனல் போச்சு என்று பயப்பட வேண்டாம். பேனல்கள் முழு வோல்டேஜைத் தந்துகொண்டு நிற்கின்றன, இன்வெர்ட்டர்தான் எடுக்க மறுக்கிறது. குழாயில் தண்ணீர் இருக்கிறது, வாளிப்பக்கம் மூடியிருக்கிறது என்ற கதை.

ஏன் மறுக்கிறது? மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதிப்படி, லைன் வோல்டேஜ் வழக்கமான அளவில் 110 சதவீதத்தைத் தாண்டினால் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் விலகிவிட வேண்டும். 230 வோல்ட் கணக்கில் அந்த எல்லை 253. அளவு மறுபடி சரியாகி குறைந்தது 60 விநாடி நிலையாக இருந்த பிறகுதான் திரும்பச் சேரலாம். இந்தப் படத்தில் Vac 257. ஆக, இன்வெர்ட்டர் கெட்டுப்போகவில்லை, சொன்ன வேலையைச் செய்கிறது.

தவறு தெருவிலா, வீட்டிலா?

யாருக்கு போன் செய்வது என்பதை முடிவு செய்யப்போவது இதுதான். இதற்கு இன்னும் இரண்டு படம் போதும்.

சோலார் மின்சாரம் தெருவுக்குள் போக வேண்டுமானால், இன்வெர்ட்டர் தெரு வோல்டேஜைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தள்ள வேண்டும். எவ்வளவு அதிகம் என்பது நடுவில் இருக்கும் ஒயரைப் பொறுத்தது. மாடியில் இருந்து மீட்டர் வரை 30 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால், போக வர 60 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.45 ஓம். 3 கிலோவாட்டுக்கு ஓடும் கரண்ட் சுமார் 12 ஆம்ப்பியர். இரண்டையும் பெருக்கினால் 5.4 வோல்ட். தெருவில் 248 வோல்ட் இருந்தாலே இன்வெர்ட்டர் வாசலில் 253.4 ஆகிவிடும், உடனே நின்றுவிடும். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் இருந்தால் ஏறுவது 2.2 வோல்ட்தான், 250-லேயே நின்று வேலை நடக்கும்.

எனவே அப்பாவிடம், 'அப்பா, மெஷின் நின்னிருக்கும்போது Vac எவ்ளோன்னு ஒரு படம், திரும்ப ஓட ஆரம்பிச்சதும் ஒரு படம் எடுங்க' என்று கேளுங்கள். நின்றிருக்கும்போது கரண்ட் ஓடவில்லை, அப்போது தெரிவது தெருவின் சொந்த வோல்டேஜ். அதுவே 257 என்றால் பிரச்சினை தெருவில். நிற்கும்போது 248, ஓடத் தொடங்கியதும் 253-ஐத் தாண்டுகிறது என்றால் உங்கள் ஒயரில், அல்லது சரியாக முடுக்காத ஒரு திருகில்.

தெருவில் என்றால் 1912-க்கு புகார் செய்யுங்கள். மூன்று நாள் மதியம் எடுத்த Vac படங்கள் கையில் இருக்கட்டும், காலையில் வந்து பார்க்கும் லைன்மேனுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அக்கம்பக்கத்து சோலார் எல்லாம் உச்சத்தில் இருக்கும் மதியத்தில்தான் வோல்டேஜ் ஏறும். டிரான்ஸ்ஃபார்மரில் டேப் மாற்றிக் குறைக்க முடியும். வீட்டில் என்றால் பொருத்தியவரைக் கூப்பிட்டு ஒயரை மாற்றச் சொல்லுங்கள். சிலர் 'செட்டிங்ல லிமிட்டை ஏத்தி விட்டுடறேன் சார்' என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கோடு மறையும், 257 வோல்ட் மட்டும் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு விதிவிலக்கு. Vac நிமிடத்துக்கு நிமிடம் மேலும் கீழும் தாவுகிறது, கூடவே விளக்குகள் திடீரென்று பிரகாசமாகி மங்குகின்றன என்றால் நியூட்ரல் ஒயர் கழன்றிருக்கலாம். அப்போது படம் கேட்டு நேரம் கடத்தாமல் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள்.

வேறு கோடு வந்தால்?

NO-Grid என்றால் பெரும்பாலும் கரண்ட் கட். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காகவே சோலாரும் கூடவே நிற்கும். வீட்டில் விளக்கு எரிகிறது, ஆனாலும் இந்தக் கோடு இருக்கிறது என்றால் சோலாருக்கான எம்சிபி விழுந்திருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை தரும் கோடு PV ISO-PRO, க்ரோவாட்டில் PV Isolation Low. பேனல் பக்க ஒயர்களுக்கும் தரைக்கும் நடுவே இன்சுலேஷன் குறைந்துவிட்டது என்று பொருள். ஜூலை, ஆகஸ்ட் மழைக்குப் பிறகு காலையில் வரும், வெயில் ஏறி கனெக்டர் காய்ந்ததும் தானாகப் போய்விடும். போய்விட்டதே என்று விட்டுவிடுவதுதான் இதில் ஆபத்து. ஒயரின் தோல் உரிந்து பேனல் ஃபிரேமைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த ஃபிரேமில் 200 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கலாம். அப்பாவை மாடிக்கு அனுப்பாதீர்கள். பேனலைத் துடைப்பது, கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பது, ஆஃப் செய்து ஆன் செய்து கோடை அழிப்பது எதுவும் வேண்டாம். பொருத்தியவர் வந்து இன்சுலேஷன் சோதனை செய்யும் வரை மாடிக்கதவு பூட்டியே இருக்கட்டும்.

கோடே இல்லாமல் Generating என்று இருந்தால்? அப்பா E-Today-ஐக் காட்டத்தான் அனுப்பியிருப்பார். நல்ல வெயில் நாளில் 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட் பக்கம் வந்தால் சரிதான், 'சூப்பர்ப்பா' என்று பதில் போடுங்கள்.