அஷேர் தொடரும் தமிழ்ப் பெயரெச்சமும்

அஷேர் என்பது விவிலிய எபிரேயத்தில் ஒரு பெயரைப் பின்தொடரும் விளக்கத் தொடரின் தலையில் நிற்கும் இடைச்சொல். பால், எண், வேற்றுமை எதற்கும் அது மாறாது. பெயருக்கும் தொடருக்கும் உள்ள உறவைத் தொடருக்குள் வரும் மீள்சுட்டுப் பெயரே காட்டும். ‘நான் குடியிருந்த வீடு’ என்பதை எபிரேயர் ‘வீடு – அஷேர் – குடியிருந்தேன் – அதில்’ என்ற வரிசையில் சொல்வார். செயப்படுபொருள் உறவில் இந்தச் சுட்டு வரலாம், வராமலும் போகலாம். ‘அதில்’, ‘அதன்மேல்’ போன்ற உறவுகளிலும் உடைமை உறவிலும் பொதுவாக அதை விட முடியாது.

தமிழில் இந்த வேலையைச் செய்வது பெயரெச்சம். அது பெயருக்கு முன்னால் நிற்கும். சுட்டையும் வேற்றுமை உருபையும் விழுங்கிவிடும். காசிமேட்டில் ‘நேத்து மீன் எறக்குன படகு’ என்றால் போதும், ‘அதிலிருந்து’ என்று யாரும் சேர்ப்பதில்லை. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறு பொருளும் பெயரெச்சத்துக்கு உரியவை என்று நன்னூல் வகுத்திருக்கிறது. ஆறில் எது என்பதை வினையும் சூழலுமே சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு அமைப்புகளும் அச்சில் சந்தித்த வரலாறு தரங்கம்பாடியில் தொடங்குகிறது. பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்திருந்த சீகன்பால்கு 1719இல் இறந்தார். மீதியை பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். அச்சு வேலை 1728இல் நிறைவுற்றது. அடுத்த கட்டம் சென்னை வேப்பேரியில் நடந்தது. அங்கே பணியாற்றிய பப்ரீசியஸ் கைக்கு, 1761இல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது, பழைய ஏற்பாடு அதற்குப் பின். ஹென்றி பவர் தலைமையில் திருத்தி, 1871இல் வெளியான பதிப்புதான் இன்றும் சீர்திருத்தத் திருச்சபைகளில் பெரிதும் வாசிக்கப்படுவது.

மொழிபெயர்ப்பாளர் கை எப்படி வேலை செய்தது என்பதை ஆதியாகமத்தில் நெருங்கிப் பார்க்கலாம். 28ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்தில், கல்லில் தலைவைத்து உறங்கும் யாக்கோபுக்கு அவன் படுத்திருக்கும் நிலம் வாக்களிக்கப்படுகிறது. எபிரேயத்தில் நிலத்துக்கு இரண்டு சுட்டுகள்: தொடருக்குள் ‘அதன்மேல்’, தலைமை வாக்கியத்தில் ‘அதைத் தருவேன்’. தமிழில் முதல் சுட்டு பெயரெச்சத்துக்குள் கரைந்துவிடுகிறது. இரண்டாவது, நிலத்தைக் குறிக்கும் பெயரின் மேல் ‘ஐ’ உருபாக ஏறிக்கொள்கிறது. இரண்டும் போனபின் பொருளில் எள்ளளவும் குறையவில்லை. இதைவிடச் சுத்தமான மாற்றத்தைக் காண்பது அரிது.

3ஆம் அதிகாரம் 23ஆம் வசனத்தில் அவ்வளவு நிம்மதி இல்லை. ஆதாம் எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டானோ அந்த மண் என்பது கருத்து. எபிரேயத்தில் ‘அங்கிருந்து’ என்ற சொல் வெளிப்படையாக நிற்கிறது. தமிழில் ‘எடுக்கப்பட்ட மண்’ என்று மட்டும் நின்றால் தோண்டி எடுத்த மண் என்றாகிவிடும். முன்னால் ‘அவன்’ என்ற எழுவாய் வந்தால்தான் எடுக்கப்பட்டது மனிதன், மண் அவன் வந்த இடம் என்று தெளியும். இப்படிப்பட்ட இடங்களைச் சோதிக்க எளிய வழி, எழுவாயை மறைத்துவிட்டுப் படித்துப் பார்ப்பது. பொருள் புரண்டால் எழுவாயை விடவே கூடாது.

உடைமை உறவு நன்னூலின் ஆறில் இல்லை. முதலாம் சங்கீதத்தில் வரும் மரத்தின் இலை உதிர்வதில்லை. எபிரேயம் ‘அதன் இலை’ என்று சுட்டியே ஆக வேண்டும். தமிழுக்கு ‘இலை உதிராத மரம்’ இயல்பு, ஏனெனில் சினையின் வினையை முதலின் மேல் ஏற்றிச் சொல்வது நம் இலக்கணத்துக்குப் பழக்கம். ஆனால் உபாகமம் 28:49இல், யாருடைய மொழி உனக்கு விளங்காதோ அந்த இனம் என்று வரும்போது இந்த வழி உதவாது. ‘மொழி விளங்காத இனம்’ என்றால் மொழி விளங்காதது அந்த இனத்துக்கே என்றும் படலாம். ‘உனக்கு விளங்காத மொழியைப் பேசும் இனம்’ என்று மூலத்தில் இல்லாத ஒரு வினையைக் கொண்டுவந்தாக வேண்டும்.

அஷேர் தொடர்கள் அடுக்கி வரும்போது வேறொரு சிக்கல். ஆதியாகமம் 24:7இல் கடவுளைப் பற்றி மூன்று தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எபிரேயத்தில் பெயர் முன்னால் நிற்பதால் கேட்பவர் யாரைப் பற்றிய பேச்சு என்று அறிந்தே கேட்கிறார். தமிழில் பெயர் கடைசியில்தான் வரும். பவர் பதிப்பு இதற்கு வினையாலணையும் பெயரை எடுத்தது: ‘-வரும், -வருமான’ என்று அடுக்கிப் பெயரில் போய் முடியும் அமைப்பு. ‘-வர்’ என்ற ஈறே உயர்திணை ஒருவரைக் காட்டிவிடுவதால் பெயர் வரும் வரை கேட்பவர் தவிக்க வேண்டியதில்லை. இது நல்ல தீர்வு என்றே சொல்ல வேண்டும். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஜெபக்கூட்டத்தில் ஏட்டைப் பாராமல் ஜெபிப்பவரும் ‘எங்களைக் காத்தவரும், இந்த நாளைக் காணச் செய்தவருமான ஆண்டவரே’ என்று இதே அடுக்கில்தான் தொடங்குவார்.