கோடும் உம்மையும்

அறுபதுகளில் ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் மாமா என்னை ராஜபாளையத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பினார். அங்கே ஒரு பஞ்சுக் கமிஷன் கடையில் பழைய பாக்கி நாற்பத்தைந்து ரூபாயைக் கட்டிவிட்டு ரசீது வாங்கி வரவேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் அப்போது கல்லூரி மாணவன். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் பாக்கியில்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

கடையில் வயதான கணக்குப்பிள்ளை ஒருவர் மேஜைப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "ஆங்கிலத்திலேயே எழுதட்டுமா, அண்ணாச்சி?" என்று கேட்டேன். "எழுதும் தம்பி, கையெழுத்து நான் போடுகிறேன்" என்றார். தாளின் நடுவில், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் இடம் விட்டு, ‘ஃபார்ட்டி-ஃபைவ் ருப்பீஸ்’ என்று எழுதினேன். இரண்டு சொற்களுக்கும் நடுவே சிறு கோடு போட மறக்கவில்லை. இருபத்தொன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை, பத்தும் ஒன்றும் சேர்ந்து வருகிற எண்களுக்கு அந்தக் கோடு வேண்டும். நூறுக்கும் ஆயிரத்துக்கும் வேண்டாம். இது எங்கள் ஆங்கில வாத்தியார் பிரம்பால் சொல்லிக் கொடுத்த பாடம்.

கணக்குப்பிள்ளை அதை வாங்கிப் பார்த்தார். கையெழுத்துப் போடவில்லை. பென்சிலை எடுத்து, நான் இடதுபக்கம் விட்டிருந்த இடத்தில் மெதுவாக ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட்’ என்று எழுதித் தாளை என் பக்கம் திருப்பினார்.

"நீர் கொடுத்தது நாற்பத்தைந்து. நான் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவது நூற்று நாற்பத்தைந்து. கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறது தம்பி. அது என் நூறு ரூபாயைக் காப்பாற்றவில்லையே!"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, விளிம்பை ஒட்டித் தொடங்கித் தமிழில் புது ரசீது எழுதினார். கடைசியில் ‘மட்டும்’ என்று முடித்து, மீதி இடத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கணக்குப்பிள்ளையை மறுபடியும் சந்தித்தேன் என்றே சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1827-ஆம் ஆண்டு தீர்ப்பான வழக்கு அது. யங் என்ற ஒருவர் வெளியூருக்குப் புறப்படும்போது, சில செக்குகளில் வெறுமனே கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். வேலைக்காரர்களுக்குக் கூலி கொடுக்க ஐம்பது பவுனும் சில்லறையும் தேவைப்பட்டது. அந்த அம்மாள் குமாஸ்தாவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாள். அவனும் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். தொகை சரியாகத்தான் இருந்தது. ஆனால் ‘ஃபிஃப்டி’ என்ற சொல்லை அவன் வரியின் நடுவில், சின்ன எழுத்தில் தொடங்கியிருந்தான். எண்ணுக்கு முன்னாலும் தாராளமாக இடம் விட்டிருந்தான். அந்த அம்மாள் பாவம், தொகையைப் பார்த்தாளே தவிர, இடத்தைப் பார்க்கவில்லை. பாங்குக்குப் போகும் வழியில் ‘த்ரீ ஹண்ட்ரட் அண்ட்’ என்று முன்னால் மூன்று சொல், எண்ணுக்கு முன்னால் ஒரு 3. ஐம்பது முந்நூற்றைம்பது ஆயிற்று. பாங்கு பணத்தைக் கொடுத்துவிட்டது.

நஷ்டம் யாருக்கு? வாடிக்கைக்காரருக்குத்தான் என்றது நீதிமன்றம். திருடனுக்கு இடம் விட்டு எழுதியது அவர் தரப்பின் அஜாக்கிரதை, பாங்கின்மேல் குற்றமில்லை. இந்தத் தீர்ப்பு சரியா என்று வழக்கறிஞர்கள் நெடுநாள் சச்சரவிட்டார்கள். 1918-ல் பிரபுக்கள் சபையில் இன்னொரு குமாஸ்தாவின் கதை வந்தது. இவன் நீட்டிய செக்கில் எண் 2 மட்டும் இருந்தது. எழுத்தால் எழுதவேண்டிய இடம் காலி. அவசரத்தில் இருந்த முதலாளி கையெழுத்துப் போட்டார். இரண்டுக்கு முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு பூஜ்யம். காலி இடத்தில் ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் ட்வென்ட்டி’. அந்த நஷ்டமும் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழுந்தது.

இரண்டு கதையிலும் ‘அண்ட்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆங்கிலேயரைப் பின்பற்றி நாமும் நூறுக்கு அடுத்தபடி அதைப் போடுகிறோம். அமெரிக்கர்கள் அங்கே போடுவதில்லை. டாலர் முடிந்து சென்ட் தொடங்கும் இடத்துக்கென்று அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வழக்கம் எதுவானாலும், ‘ஃபிஃப்டி’ என்ற சொல் தனியாக நின்றாலும், நூறுக்குப் பின்னால் நின்றாலும் ஒரே உருவம்தான். அதனால் முன்வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது. பின்வாசலும் அப்படியே. ‘ஃபார்ட்டி’க்குப் பின்னால் ஒரு கோடும் ‘ஃபைவ்’வும் போட்டால் ஐந்து கூடிவிடும். ‘எய்ட்’டுக்குப் பின்னால் ‘ஒய்’ என்ற ஓர் எழுத்துப் போதும், எட்டு எண்பதாகிவிடும். ‘ஃபோர்’ தப்பித்துக்கொள்ளும். நாற்பதாகும்போது அதன் ‘யூ’ மறைய வேண்டும். மறையாமல் நின்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

இப்போது நம் தமிழைப் பாருங்கள். நமக்குக் கோடும் இல்லை, நடுவில் உம்மையும் இல்லை. நாற்பதும் ஐந்தும் என்று நாம் எண்ணுவதில்லை, நாற்பத்தைந்து என்கிறோம். நூறு என்றால் அங்கே முடிந்தது. இன்னும் வருகிறதென்றால் அது ‘நூற்று’ என்று உருமாறிவிடும். நாற்பது ‘நாற்பத்து’ ஆகும். ஆயிரம் ‘ஆயிரத்து’ ஆகும். ‘நாற்பது’ என்று எழுதி முடித்ததை, ஒரு புள்ளியையும் அழிக்காமல் நாற்பத்தைந்தாக்க முடியாது. எட்டை எண்பதாக்கவும் முடியாது. சந்தி இலக்கணமே பின்வாசலுக்குத் தாழ்ப்பாளாக நிற்கிறது!

ஆனால் தாய்மொழிப் பெருமையில் கணக்குப்பிள்ளையை மறந்துவிடக் கூடாது. முன்வாசல் நமக்கும் திறந்ததுதான். ‘நாற்பத்தைந்து’க்கு முன்னால் ‘நூற்று’ என்று சேர்க்க யாருக்கும் தடையில்லை. பின்வாசலிலும் ஒரு சந்து உண்டு. ‘ஐந்து’க்குப் பின்னால் ‘லட்சம்’ என்று எழுதினால் இலக்கணம் ஒன்றும் செய்யாது. கூட்டலைத்தான் சந்தி தடுக்கும், பெருக்கலைத் தடுக்காது. அதற்காகத்தான் விளிம்பை ஒட்டித் தொடங்குவதும், ‘மட்டும்’ என்று முடிப்பதும், கோடு இழுப்பதும். வடக்கே உண்டி எழுதிய மகாஜனர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தொகையை எழுதி அதன் பாதி இவ்வளவு என்றும் சேர்த்து எழுதினார்கள். ஒன்றை மாற்றினால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

‘எண்ணால்தான் போட்டிருக்கிறதே, எழுத்து எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. 1881-ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின் பதினெட்டாவது பிரிவு அதற்குப் பதில் சொல்கிறது. செக்கில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே தொகை. எண்ணில் 145 என்றும் எழுத்தில் நாற்பத்தைந்து என்றும் இருந்தால், சட்டத்தின் கண்ணுக்கு அது நாற்பத்தைந்துதான். சிறு கோடு விட்டுப்போனதைப் பற்றியோ, ‘அண்ட்’ இடம் மாறியதைப் பற்றியோ அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது. அவை வாத்தியாரின் கவலை. காலி இடம்தான் வழக்காடுகிறவனின் கவலை.

அன்று மாலை ரசீதை மாமாவிடம் கொடுத்தேன். அவர் தொகையைப் படிக்கவில்லை. ‘மட்டும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இழுத்திருந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "அண்ணாச்சி எழுதினதுதான்" என்று சொல்லிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.